வங்கிக்கு வீட்டு வழியாகப் போவது

வெளிநாட்டில் ஒரு விடுதி அறை. மடிக்கணினியைத் திறந்து வங்கித் தளத்தின் முகவரியைத் தட்டுகிறீர்கள். கடவுச்சொல் கேட்கும் பக்கமே வருவதில்லை. `Access Denied` என்று ஒரு வரி, அல்லது ஏற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வெள்ளைப் பக்கம். கணக்கில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் யார் என்று கேட்பதற்கு முன்பே, எங்கிருந்து வருகிறீர்கள் என்று பார்த்து வங்கியின் சர்வர் உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது, அவ்வளவுதான்.

இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநரின் ஐபி முகவரி இருக்கும். எந்த முகவரித் தொகுதி எந்த நாட்டில் எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்ற பட்டியல்களை விற்கும் நிறுவனங்கள் உண்டு. உள்நாட்டு முகவரிகளுக்கு மட்டும் கதவைத் திறப்பது என்று ஒரு வங்கி முடிவெடுத்தால், அந்தப் பட்டியலைப் பார்த்தே வடிகட்டுகிறது. வெளியிலிருந்து வரும் திருட்டு முயற்சிகளில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்த இது மலிவான வழி. பயணத்தில் இருக்கும் உண்மையான வாடிக்கையாளரும் அதில் அடிபடுகிறார்.

உடனே பலரும் நினைப்பது மாதக் கட்டண விபிஎன். சொந்த நாட்டு சர்வரைத் தேர்ந்தெடுத்தால் போதுமே? பல நேரங்களில் போதாது. அந்த சர்வர்கள் தரவு மையங்களில் இருப்பவை. அதே பட்டியல்கள் அவற்றைத் தரவு மைய முகவரிகள் என்றும் குறித்து வைத்திருக்கின்றன. முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே முகவரியிலிருந்து வெளியேறுவதால் வங்கியின் சந்தேகம் கூடத்தான் செய்யும். உங்கள் வீட்டு இணைப்பு அப்படியல்ல. மாதாமாதம் நீங்கள் உள்நுழையும் இடம் அது. வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு சிறு கணினி வழியாக உங்கள் போக்குவரத்தை வெளியேற்றினால், வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோலவே வங்கிக்குத் தெரியும்.

பாதுகாப்பு என்ற சொல்லை இங்கே கொஞ்சம் அளந்து பயன்படுத்த வேண்டும். வங்கிப் பக்கம் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்ஸில் மறையாக்கப்பட்டுத்தான் வருகிறது. விடுதி வைஃபையில் ஒட்டுக்கேட்பவரால் கடவுச்சொல்லைப் படிக்க முடியாது. மடிக்கணினிக்கும் வீட்டுக் கணினிக்கும் இடையே போடும் மறையாக்கப்பட்ட இணைப்பை வீட்டுச் சுரங்கம் என்று வைத்துக்கொள்வோம். அது அதற்கு மேல் தருவது இரண்டு விஷயங்கள். எந்த வங்கிக்குப் போகிறீர்கள் என்ற பெயரும் விடுதிக்குத் தெரியாது. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதிலிலும் விடுதியில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் கணினியிலேயே தீநிரல் இருந்தால், அதுவும் உங்களோடு சேர்ந்து பத்திரமாக வீடு போய்ச் சேரும். போலித் தளத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாலும் சுரங்கத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். சில வங்கிகள் வெளிநாட்டிலிருந்து பயன்படுத்துவதை ஒப்பந்தத்திலேயே கட்டுப்படுத்துகின்றன. பொருளாதாரத் தடை உள்ள நாட்டில் இருந்துகொண்டு இடத்தை மறைத்தால் அது சட்டப் பிரச்சினை. பயணத்துக்கு முன் வங்கிக்கு ஒரு போன் செய்து கேட்டால், சிலர் பயண நாட்களுக்குத் தடையை நீக்கியே தருவார்கள். அப்படிக் கிடைத்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

பெட்டியை அமைப்பது

நான் வைத்திருக்கும் பெட்டி, ராஸ்பெரி பை என்ற சிறு கணினி. ரூட்டருடன் கேபிளில் இணைத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். அதில் ஓடுவது வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய இந்த மென்பொருள் 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.6 பதிப்போடு கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. எனக்குப் பிடித்த குணம் அதன் மௌனம். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. இணையத்தில் போர்ட்களைத் துழாவிக்கொண்டு திரிபவர்களுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனிச் சாவி, ஒரு பொதுச் சாவி. வீட்டுப் பெட்டியிடம் மடிக்கணினியின் பொதுச் சாவியையும், மடிக்கணினியிடம் பெட்டியின் பொதுச் சாவியையும் கொடுத்துவைக்க வேண்டும். வீட்டுப் பக்கக் கோப்பு இது:

```
[Interface]
Address = 10.88.14.1/24
ListenPort = 51820
PrivateKey = ...
PostUp = iptables -t nat -A POSTROUTING -s 10.88.14.0/24 -o eth0 -j MASQUERADE

[Peer]
PublicKey = ...
AllowedIPs = 10.88.14.2/32
```

மடிக்கணினிப் பக்கம்:

```
[Interface]
Address = 10.88.14.2/32
PrivateKey = ...
DNS = 10.88.14.1

[Peer]
PublicKey = ...
Endpoint = veedu.example.net:51820
AllowedIPs = 0.0.0.0/0, ::/0
PersistentKeepalive = 25
```

`MASQUERADE` வரிதான் மடிக்கணினியின் பாக்கெட்டுகளுக்கு வீட்டு முகவரியை அணிவித்து வெளியே அனுப்புகிறது. `Endpoint` இடத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் கொடுத்திருப்பதற்குக் காரணம், பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். டைனமிக் டிஎன்எஸ் சேவை அந்தப் பெயரைப் புது முகவரிக்குத் திருப்பிவைக்கும். இது போக ரூட்டரில் 51820 எண் யுடிபி போர்ட்டைப் பெட்டிக்குத் திருப்பிவிட வேண்டும். வேறெந்தப் போர்ட்டையும் திறக்காதீர்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைக் கண்டிப்பாகத் திறக்காதீர்கள்.

`DNS` வரியில் நான் முதலில் வீட்டு ரூட்டரின் `192.168.1.1` முகவரியைத்தான் போட்டிருந்தேன். இது ஒரு கண்ணி. எத்தனையோ ரூட்டர்களுக்கு அதே முகவரிதான். விடுதியின் வலைப்பின்னலும் 192.168.1 என்று தொடங்கினால், லினக்ஸில் `wg-quick` பக்கத்தில் இருக்கும் வலைப்பின்னலுக்குத்தான் முன்னுரிமை தரும். கேள்வி வீட்டுக்குப் போகாமல் விடுதி ரூட்டரிடம் போய் நிற்கும். அதனால்தான் பெட்டியிலேயே ஒரு சிறு டிஎன்எஸ் சேவையை ஓடவிட்டு, சுரங்கத்துக்குள் மட்டும் இருக்கும் 10.88.14.1 முகவரியைக் கொடுத்தேன். அந்த 88, 14 இரண்டும் சும்மா நினைத்துக்கொண்ட எண்கள். வேறு யாரும் பயன்படுத்த வாய்ப்பு குறைவு என்பதே அவற்றின் தகுதி.

இத்தனை செய்தும் ஒரேயடியாக ஒன்றும் நடக்காமல் போகலாம். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. அப்போது உங்கள் ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. எண் வேறாக இருந்தாலும், உங்கள் ஐபியைக் காட்டும் தளம் சொல்வதும் ரூட்டர் சொல்வதும் பொருந்தவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். சேவை நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்கலாம். கொடுக்கவில்லையா, டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவை ஒன்றை வைத்து வீட்டுப் பெட்டியை `exit node`, அதாவது இணையத்துக்கு வெளியேறும் வாசல் ஆக்கலாம். பெட்டியே வெளியே போய்க் கதவைத் தட்டுவதால் உள்வரும் போர்ட் எதுவும் தேவைப்படாது. வங்கி பார்ப்பதும் உங்கள் வீட்டு இணைப்பின் முகவரியைத்தான்.

எப்படிச் செய்தாலும், சோதனையை வீட்டு வைஃபையில் இருந்தபடி செய்து திருப்திப்படாதீர்கள். அங்கே வங்கி எப்படியும் திறக்கும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாக மடிக்கணினிக்குக் கொடுத்துச் சோதியுங்கள். அப்புறம் பெட்டியின் மின்இணைப்பைப் பிடுங்கி, மறுபடி செருகி, இன்னொரு முறை சோதியுங்கள். இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல் கிளம்பியவன் நான்.

மின்வெட்டுக்கு மறுநாள்

பயணத்தின் மூன்றாம் நாள் காலை, முந்தைய இரவு வரை திறந்துகொண்டிருந்த வங்கிப் பக்கம் திறக்கவில்லை. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. வயர்கார்டில் ஒரு வேடிக்கை: மறுமுனை செத்துக் கிடந்தாலும் செயலி சுரங்கம் திறந்திருப்பதாகவே காட்டும். இணைப்பு என்ற நிலையே அதற்குள் கிடையாது. அனுப்ப ஏதாவது இருந்தால் அனுப்பும், அவ்வளவே. உண்மை நிலையைத் தெரிந்துகொள்ள `wg show` கட்டளைதான் வழி.

```
latest handshake: 9 hours, 12 minutes ago
transfer: 41.27 MiB received, 6.83 MiB sent
```

போக்குவரத்து இருக்கும்போது இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் ஹேண்ட்ஷேக் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒன்பது மணி நேரம் என்றால் வீடு கையில் இல்லை. கட்டளையை மறுபடி மறுபடி கொடுத்தால் அனுப்பியது மட்டும் கூடுகிறது, வந்தது அசையவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். ராத்திரி கரண்ட் போய் வந்தது என்றார்கள்.

முதல் காரணம் அங்கேயே புரிந்தது. ரூட்டர் மறுபடி கிளம்பியபோது வீட்டின் முகவரி மாறிவிட்டது. டைனமிக் டிஎன்எஸ் அதைச் சரியாகப் பதிந்திருந்தாலும், வயர்கார்டு `Endpoint` பெயரைத் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் முகவரியாக மாற்றிக்கொள்கிறது. என் மடிக்கணினி பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. சுரங்கத்தை அணைத்துத் திரும்பப் போட்டேன். `latest handshake: 6 seconds ago`. அப்பாடா என்று உலாவிக்குப் போனால், பக்கம் இன்னும் திறக்கவில்லை.

இங்கேதான் அவசரப்பட்டுக் கோப்புகளைக் கலைக்கத் தோன்றும். அதைவிடப் படிப்படியாகத் தூரத்தைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. முதலில் பெட்டியையே தொட்டுப் பார்த்தேன்: `ping 10.88.14.1`. பதில் வந்தது. அடுத்து வீட்டைத் தாண்டி வெளியே: `ping 1.1.1.1`. பதில் இல்லை. ஆக, பாக்கெட் வீடு வரை போகிறது, வீட்டிலிருந்து வெளியேறத்தான் இல்லை. இரண்டாவதும் பதில் சொல்லி, பெயர்கள் மட்டும் திறக்காமல் இருந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில் இருந்திருக்கும். சின்னப் பக்கங்கள் திறந்து, பெரியவை பாதியில் உறைந்தால் பாக்கெட்டின் அளவு அந்த வழிக்குப் பெரிது என்று பொருள். வழக்கமான 1420க்குப் பதில் மடிக்கணினிக் கோப்பில் `MTU = 1280` என்று போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

பெட்டி வரை போக முடிந்ததால், அதே சுரங்கம் வழியாக எஸ்எஸ்எச்சில் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன்.

```
cat /proc/sys/net/ipv4/ip_forward
0
```

ஒரு கணினி தனக்கு வராத பாக்கெட்டை இன்னொருவருக்குக் கடத்திவிட இந்த எண் 1 ஆக இருக்க வேண்டும். அமைத்த அன்று `sysctl -w` கட்டளையால் 1 ஆக்கியிருந்தேன். அது அடுத்த முறை கணினி கிளம்பும் வரைதான் நிற்கும் என்பதை மறந்துவிட்டேன். `MASQUERADE` விதியை `PostUp` வரியில் எழுதியிருந்ததால் அது தானாகத் திரும்பி வந்துவிட்டது, இது வரவில்லை. `/etc/sysctl.d/` அடைவில் ஒரு கோப்பு வைத்து `net.ipv4.ip_forward = 1` என்று எழுதி, `sysctl --system` கொடுத்ததும் வங்கிப் பக்கம் திறந்தது. `systemctl enable wg-quick@wg0` செய்யாமலும் விட்டிருந்தேன் என்றால் சுரங்கமே கிளம்பியிருக்காது. உள்ளே நுழைந்து சரிசெய்ய எனக்கு வழியே இருந்திருக்காது.

பாதி வீட்டு வழி, பாதி வேறு வழி

அதே பயணத்தில், வேறொரு விடுதியில் வந்த சிக்கல்தான் என்னை அதிகம் குழப்பியது. ஹேண்ட்ஷேக் சரி. எல்லாத் தளங்களும் திறக்கின்றன. ஐபியைக் காட்டும் ஒரு தளத்தில் வீட்டு முகவரியே தெரிகிறது. வங்கி மட்டும் மறுக்கிறது.

அப்போது என் கோப்பில் `AllowedIPs = 0.0.0.0/0` என்று மட்டுமே இருந்தது. அதன் பொருள், பழைய வகை ஐபி முகவரியான ஐபிவி4 போக்குவரத்து முழுவதையும் சுரங்கத்தில் அனுப்பு என்பது. புதிய வகையான ஐபிவி6 பற்றி அது வாயே திறக்கவில்லை. முந்தைய விடுதியில் ஐபிவி6 இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை, இங்கே இருந்தது. இரண்டு வழியும் இருந்தால் உலாவி பொதுவாக ஐபிவி6ஐத்தான் முதலில் முயலும். நான் பார்த்த ஐபி காட்டும் தளத்துக்கு ஐபிவி4 முகவரி மட்டும் இருந்ததால் அது வீட்டைக் காட்டியது. வங்கித் தளத்துக்கு இரண்டும் இருந்ததால், அங்கே நான் விடுதி வழியாக நேராகப் போய் நின்றிருக்கிறேன். கண்டுபிடிக்க இரண்டு வரி போதும்:

```
curl -4 icanhazip.com
curl -6 icanhazip.com
```

முதலாவது வீட்டு முகவரி, இரண்டாவது வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. மேலே கொடுத்த கோப்பில் `::/0` இருப்பது இதற்காகத்தான். வீட்டில் ஐபிவி6 இல்லாவிட்டாலும் அதைச் சேர்க்கலாம். அந்தப் பாக்கெட்டுகள் சுரங்கத்துக்குள் போய் வழியின்றி நின்றுவிடும், உலாவி கண நேரத்தில் ஐபிவி4க்குத் திரும்பிவிடும். சேர்த்த பிறகு இரண்டாவது கட்டளை தோல்வியடைய வேண்டும், அதுதான் வெற்றி.

வங்கியின் முகவரிகளை மட்டும் சுரங்கத்தில் அனுப்பி, மற்றதை நேராக விட்டால் என்ன என்று கேட்பார்கள். நானும் முயன்றேன். வங்கிப் பக்கம் ஒன்றைத் திறந்தால் பின்னால் வேறு பல சர்வர்கள் பேசுகின்றன. அவற்றின் முகவரிகள் சொல்லாமல் மாறுகின்றன. ஒன்று விட்டுப்போனால் பாதிப் பரிவர்த்தனையில் மாட்டிக்கொள்வீர்கள். முழுவதையும் சுரங்கத்தில் அனுப்பி, வேலை முடிந்ததும் அணைத்துவிடுவதே நிம்மதி. வேகம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். உங்களுக்கு வருவதெல்லாம் வீட்டிலிருந்து மேலேறி வர வேண்டியிருப்பதால் வீட்டு இணைப்பின் அப்லோட் வேகம்தான் எல்லை. படம் பார்க்கப் பற்றாது, கணக்கு பார்க்கத் தாராளம்.

சில விடுதிகளில் வயர்கார்டு பயன்படுத்தும் யுடிபி போக்குவரத்தில் பெரும்பகுதியை அல்லது முழுவதையுமே மூடிவைத்திருப்பார்கள். அடையாளம் எளிது: அதே கோப்பு போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்யும், விடுதி வைஃபையில் ஹேண்ட்ஷேக்கே வராது. வெளி போர்ட்டை 443க்கு மாற்றினால் சில இடங்களில் நுழைந்துவிடலாம். வைஃபையில் முதலில் பெயரும் அறை எண்ணும் கேட்கும் பக்கம் இருந்தால், அதை முடித்த பிறகே சுரங்கத்தைத் திறக்க வேண்டும். முன்னதாகத் திறந்தால் அந்தப் பக்கமே வராது. இதெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஊர் சிம் ரோமிங்கில் இருக்கும்போது அதன் டேட்டா பொதுவாகச் சொந்த நாட்டு நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குத் திரும்பிப் போய்த்தான் இணையத்துக்குள் நுழைகிறது. வங்கிக்குத் தெரிவது உள்நாட்டு முகவரி. ஒரே ஒரு பணம் அனுப்புவதற்கு, ஐந்து நிமிட ரோமிங் கட்டணம் எல்லாவற்றையும்விட மலிவாக முடியலாம். ஓடிபி வாங்குவதற்கும் அந்த சிம் உயிரோடு இருந்தாக வேண்டும். அதில் சுரங்கத்தால் எந்த உதவியும் இல்லை. போன் செயலிகளில் சில, இருப்பிட அனுமதி கேட்டு நேராகவே பார்த்துக்கொள்ளும். அங்கேயும் வீட்டு முகவரி பயன்படாது. உலாவியில் போவதே வழி.

மடிக்கணினி தொலைந்தால்

இந்த ஏற்பாட்டின் உண்மையான அபாயம் வங்கிப் பக்கத்தில் இல்லை, வீட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தத் தனிச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் வீட்டு வலைப்பின்னலுக்குள் இருக்கிறார். கேமரா, பிரிண்டர், கோப்புகள் வைத்திருக்கும் வட்டு எல்லாம் அவருக்கு எட்டும் தூரம். வங்கிக்குப் போக அவை எதுவும் தேவையில்லை என்பதால், வீட்டுக் கோப்பில் இன்னொரு `PostUp` சேர்த்து அந்த வழியை அடைத்துவிடலாம்:

```
PostUp = iptables -I FORWARD -i wg0 -d 192.168.1.0/24 -j DROP
```

மடிக்கணினிக்கு ஒரு சாவி, போனுக்கு வேறு சாவி என்று தனித்தனியாக வைத்திருப்பதன் பயன் திருட்டு நடந்த அன்றைக்குத் தெரியும். போனிலிருந்து பெட்டிக்குள் நுழைந்து, மடிக்கணினியின் சாவியை மட்டும் நீக்கினால் போதும்:

```
wg set wg0 peer (மடிக்கணினியின் பொதுச் சாவி) remove
```

அந்த நொடியிலிருந்து மடிக்கணினிக்கு வீடு பதில் சொல்லாது. ஆனால் இந்தக் கட்டளையும் `sysctl -w` போலத்தான், ஓடிக்கொண்டிருக்கும் நிலையை மட்டும் மாற்றுகிறது. `/etc/wireguard/wg0.conf` கோப்பில் அந்த `[Peer]` பகுதியையும் அழிக்காவிட்டால், வீட்டில் அடுத்த முறை கரண்ட் போய் வரும்போது திருடனின் கையிலிருக்கும் சாவி மறுபடி செல்லுபடியாகிவிடும்.